வேலைக்கு வராமல் நின்றுவிட்ட ஊழியருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

திங்கட்கிழமை களஞ்சியப் பொறுப்பாளர் வரவில்லை. போன் எடுத்தால் அணைத்து வைத்திருக்கிறது. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. அடுத்த வாரம் முதலாளி வேறொருவரைப் பிடித்து அந்த இடத்தில் போடுகிறார். வந்தவர் வேலை பழகி முடிக்கும் நேரத்தில், தொழில் நியாயசபையிலிருந்து கடிதம் வருகிறது. காணாமல் போனவர், தன்னை நியாயமின்றி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று விண்ணப்பம் போட்டிருக்கிறார். "அவர்தான் வராமல் விட்டார்" என்று முதலாளி சொல்கிறார். அதைக் காட்ட அவர் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் கடை, பட்டறை, தனியார் அலுவலகம் என்று நடத்துபவர்களில் பலர் இப்படித்தான் மாட்டுகிறார்கள். ஆட்களை நிர்வகிக்கும் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனியார் துறையைப் பற்றி மட்டுமே சொல்கிறேன். அரச ஊழியருக்குத் தாபனக் கோவை இருக்கிறது, அந்த வழி வேறு.

முதலில், சட்டம் எதைப் பார்க்கிறது

ஊழியர் தானாகவே வேலையை விட்டுப் போவதைப் பதவியை வறிதாக்குதல் என்கிறோம். இத்தனை நாள் வராவிட்டால் பதவி வறிதாகிவிடும் என்று தனியார் துறைக்குப் பொதுவான சட்டம் எதுவும் நாள் கணக்கு வைக்கவில்லை. சில நியமனக் கடிதங்களில் "தொடர்ச்சியாக மூன்று நாட்கள் அறிவிக்காமல் வராதுவிட்டால்" என்று ஒரு நிபந்தனை இருக்கும். இருந்தால் நல்லது, கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். ஆனால் அந்த மூன்று நாளை மட்டும் நம்பி நான்காம் நாள் ஆளை வெட்டிவிட முடியாது.

காரணம், நீதிமன்றங்கள் இரண்டு விடயங்களைச் சேர்த்துப் பார்க்கின்றன. ஒன்று, ஆள் வேலைக்கு வரவில்லை என்ற நிலை. மற்றது, வேலையை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததா என்பது. அரச பொறியியற் கூட்டுத்தாபனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 1996ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான அந்தத் தீர்ப்பைத்தான் இன்றும் சட்டத்தரணிகள் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். வராமல் விட்டதை வரவுப் பதிவேடே காட்டிவிடும். எண்ணத்தை எப்படிக் காட்டுவது? "வாருங்கள், அல்லது ஏன் வரவில்லை என்று சொல்லுங்கள்" என்று முறையாகக் கேட்டு, நியாயமான அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகும் அவர் பேசாமல் இருந்தால்தான் அதைக் காட்டலாம். கடிதத்தின் வேலை அதுதான். அதை ஆளை அனுப்பும் கடிதமாக எழுதினால் காரியம் கெட்டுவிடும்.

பேனையை எடுக்க முன்

உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசி நாளில் என்ன நடந்தது? வாய்த்தர்க்கம் வந்து, கோபத்தில் "நாளைக்கு இந்தப் பக்கம் வராதே" என்று முதலாளியோ மேற்பார்வையாளரோ சொல்லியிருந்தால், அது பதவியை வறிதாக்கியது ஆகாது. நீங்கள் நிறுத்தியது ஆகும். அதைப் பூசி மெழுகி "அவர் வரவில்லை" என்று கடிதம் எழுதினால், பக்கத்தில் நின்ற மற்ற ஊழியர் ஒருவரின் சாட்சியம் போதும், எல்லாம் கவிழ. அப்படி ஒன்று நடந்திருந்தால் ஆளைத் தொடர்புகொண்டு வேலைக்கு வரச் சொல்லுங்கள். வந்தபின் பிரச்சினையை ஒழுங்காக விசாரியுங்கள்.

அடுத்தது, அவர் வராததற்கு உங்களுக்குத் தெரிந்த காரணம் ஏதாவது இருக்கிறதா? தாயார் போதனா வைத்தியசாலையில் கிடக்கிறார் என்று கூட வேலை செய்பவருக்குத் தெரிந்திருக்கலாம். வீட்டில் செத்த வீடு நடந்திருக்கலாம். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று முப்பத்தொரு நாள் வரை மூத்த மகன் எங்கும் அசைய முடியாத குடும்பங்கள் இங்கே உண்டு. ஊழியர் பெண் என்றால் அவர் மகப்பேற்றுக் காலத்தில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். ஆள் பொலிஸ் காவலில் இருந்தாலும் போன் அணைந்துதான் இருக்கும். இவை எதிலும் வேலையை விடும் எண்ணம் கிடையாது. தெரிந்தும் தெரியாததுபோல் எழுதிய கடிதம் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

வீட்டாருக்கும் அவர் எங்கே என்று தெரியாது என்றால் கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். அது காணாமற்போன ஒருவரைப் பற்றிய விடயம். பொலிஸில் முறைப்பாடு செய்ய அந்தக் குடும்பத்துக்கு உதவுங்கள், கடைசியாக அவரை எப்போது கண்டீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். நம்முடைய ஊரில் அந்தக் குடும்பத்தின் கதவில் "பதவியை வறிதாக்கிவிட்டார்" என்று கடிதம் போய் விழக்கூடாது.

முதல் மூன்று நாள்

சுன்னாகத்தில் கட்டடப் பொருட்கள் விற்கும் ஒரு கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பதினேழு பேர் வேலை செய்கிறார்கள். களஞ்சியப் பொறுப்பாளர் ஆறு வருடம் முடித்தவர், மாதச் சம்பளம் 60,000 ரூபாய். 31ஆம் திகதி சனிக்கிழமை வேலை செய்துவிட்டுப் போனவர், 2ஆம் திகதி திங்கட்கிழமை வரவில்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவருக்கு அழைப்பு எடுங்கள். எத்தனை மணிக்கு, எந்த இலக்கத்துக்கு, யார் எடுத்தது, பதில் வந்ததா என்பதை ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதி, எடுத்தவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். வட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி அனுப்புங்கள். இரண்டு வரி போதும்: "திங்கட்கிழமை தொடக்கம் நீங்கள் வேலைக்கு வரவில்லை. சுகமாக இருக்கிறீர்களா? தயவுசெய்து தொடர்புகொள்ளுங்கள்." அந்தத் திரையைப் படமெடுத்து அச்சிட்டு வையுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் இப்படியான செய்திகளுக்கும் சட்டப் பெறுமதி தருகிறது. ஆனாலும் கடிதத்துக்குப் பதிலாக வட்ஸ்அப்பை மட்டும் நம்பாதீர்கள். போன் கை மாறும், சிம் மாறும், செய்தி வாசிக்கப்படாமலே கிடக்கும்.

ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதும் நல்லதுதான். இரண்டு பேராக அனுப்புங்கள். போனவர்கள் சண்டை பிடிக்கவோ மிரட்டவோ கூடாது. விசாரித்து, கிடைத்த பதிலைத் திகதியோடு எழுதித் தந்தால் போதும்.

எந்த முகவரிக்கு?

இதில்தான் எங்கள் பகுதியில் அதிகம் பிழை விடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஊழியரின் கோவையில் இருக்கும் முகவரி பெரும்பாலும் தேசிய அடையாள அட்டையில் உள்ளது. இடம்பெயர்ந்து, மீளக் குடியேறி, பிறகு வேலைக்காக நகரத்துக்கு வந்த ஒருவரின் அடையாள அட்டையில் பத்து இருபது வருடத்துக்கு முந்திய முகவரி இருக்கலாம். எங்கள் களஞ்சியப் பொறுப்பாளரின் அட்டையில் கிளிநொச்சி முகவரி. இருப்பதோ கொக்குவிலில் வாடகை அறை. அவசரத்துக்கு என்று கொடுத்த பெயரும் இலக்கமும் தமக்கையுடையவை, அவர் வசிப்பது இன்னொரு இடம்.

தெரிந்த எல்லா முகவரிக்கும் ஒரே நாளில், ஒரே கடிதத்தை, தனித்தனிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதத்தின் தலைப்பில் இரண்டு முகவரியையும் எழுதுங்கள். தமக்கையின் வீட்டுக்கு அனுப்புவதென்றால் ஊழியரின் பெயருக்கே, அந்த முகவரியில் அனுப்புங்கள். தமக்கைக்குக் கடிதம் எழுத வேண்டாம். நெடுந்தீவுக்கோ வேறு தீவுக்கோ போகும் கடிதம் குறிகட்டுவானில் படகு ஏறித்தான் போக வேண்டும், அதற்கேற்ப அவகாசத்தையும் கூட்டிக் கொடுங்கள்.

முதற் கடிதம்

நான்காம் நாளான 5ஆம் திகதி வியாழக்கிழமை கடிதம் போகிறது. ஊழியருக்கு விளங்கும் மொழியில், இங்கே தமிழில், இப்படி எழுதலாம்:

> பதிவுத் தபாலில்
>
> வேலைக்குச் சமுகமளிக்காமை
>
> நீங்கள் எமது நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றி வருகிறீர்கள். இம்மாதம் 2ஆம் திகதி திங்கட்கிழமை தொடக்கம் இன்றுவரை, லீவு அனுமதி பெறாமலும் அறிவிக்காமலும் கடமைக்குச் சமுகமளிக்கவில்லை. 2ஆம், 3ஆம், 4ஆம் திகதிகளில் உங்கள் தொலைபேசிக்கு எடுத்த அழைப்புகளுக்குப் பதில் கிடைக்கவில்லை.
>
> 16ஆம் திகதி திங்கட்கிழமை காலை 8.30 மணிக்குக் கடமைக்குச் சமுகமளிக்குமாறும், சமுகமளிக்க முடியாதாயின் அத்திகதிக்கு முன் அதற்கான காரணத்தை எழுத்தில் அறியத்தருமாறும் கேட்டுக்கொள்கிறோம். சுகவீனம் காரணமாயின் மருத்துவச் சான்றிதழை அனுப்பிவைக்கவும்.
>
> நீங்கள் சமுகமளிக்காமலும் காரணம் தெரிவிக்காமலும் விடுமிடத்து, உங்கள் சுயவிருப்பின் பேரில் பதவியை வறிதாக்கியதாகக் கருத வேண்டி நேரிடும் என்பதை அறியத்தருகிறோம்.
>
> கடந்த மாதத்துக்குரிய உங்கள் சம்பளம் தயாராக உள்ளது.

இதில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. வராத முதல் நாளைத் திகதியோடு சொல்லியிருக்கிறது. திரும்பி வரும் நாளும் நேரமும் தெளிவாக இருக்கிறது. "உடனடியாக" என்று எழுதினால் அது எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. வேலைக்கு வருவது, காரணம் சொல்வது என்று இரண்டு வழி திறந்திருக்கிறது. இரண்டையும் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. பதினொரு நாள் அவகாசம் அதிகம் என்று சிலர் சொல்வார்கள். தபால் போய்ச் சேர, ஆள் கிளிநொச்சியிலிருந்து வர, வைத்தியரிடம் சான்றிதழ் எடுக்க அது நியாயமான நேரம். மூன்று நாள் கொடுத்து, கடிதம் நான்காம் நாள் கையில் கிடைத்தால் நீங்கள் அவகாசமே கொடுக்கவில்லை என்றுதான் ஆகும்.

இல்லாததையும் கவனியுங்கள். காசு குறைகிறது, சீமெந்துப் பை கணக்குச் சரியில்லை என்று ஒரு வரியும் இல்லை. அப்படிச் சந்தேகம் இருந்தால் இரண்டு சாட்சிகளை வைத்துக் களஞ்சியத்தை எண்ணி, பட்டியலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். குற்றச்சாட்டு, விளக்கம் கோரல், விசாரணை எல்லாம் தனிப் பாதை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், ஊழியர் பயந்து வராமல் இருந்தார் என்று வாதாட நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும்.

தபால் கந்தோரில்

பதிவுத் தபாலுக்குத் தரும் பற்றுச்சீட்டு சிறிய துண்டு, மை சீக்கிரம் மங்கிவிடும். அன்றைக்கே போட்டோப் பிரதி எடுத்து, கடிதத்தின் அலுவலகப் பிரதியோடு இரண்டையும் பின் அடித்து வையுங்கள். எந்தப் பற்றுச்சீட்டு எந்த முகவரிக்குரியது என்று பென்சிலால் குறித்துவிடுங்கள்.

கொக்குவிலுக்குப் போன கடிதம் 12ஆம் திகதி திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்வோம். உறையின் மேல் தபாற்காரர் "முகவரியில் இல்லை" என்று எழுதியிருக்கிறார், தபால் முத்திரைகள் குத்தியிருக்கின்றன. அந்த உறையைத் திறக்காதீர்கள். என்ன எழுதினோம் என்று பார்க்கும் ஆசையில் கிழித்துவிடுவார்கள், அதோடு அதன் பெறுமதி போய்விடும். ஒட்டியபடி கோவையில் போட்டால், பிறகொரு நாள் நியாயசபையின் முன் அதைத் திறந்து காட்டலாம். இன்ன கடிதம் இன்ன நாள் போனது, ஆள் இல்லாததால் திரும்பியது என்பதை அந்த உறை ஒன்றே சொல்லும். கிளிநொச்சிக்குப் போனது திரும்பவில்லை. ஆகவே ஒரு கடிதமாவது சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

இரண்டு கடிதமும் திரும்பியிருந்தால் நேரே முடிவுக்குப் போகாதீர்கள். புதிய முகவரி ஏதும் உண்டா என்று விசாரித்து, புதுத் திகதி போட்டு இன்னொரு கடிதம் அனுப்புங்கள்.

இடையில் ஆள் வந்துவிட்டால், அல்லது பதில் போட்டால்

16ஆம் திகதிக்கு முன் அவர் கடை வாசலில் வந்து நின்றால், "இவ்வளவு நாளும் எங்கே போனாய், திரும்பிப் போ" என்று அனுப்பிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லோடு இதுவரை செய்த எல்லாம் வீண். உள்ளே கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று அவருடைய கைப்பட எழுதி வாங்கி, வேலைக்கு விடுங்கள். காரணம் நியாயமானது என்றால் அதோடு சரி. இல்லையென்றால் அனுமதியின்றி வராமல் விட்டதற்கு ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் பதவியை வறிதாக்கினார் என்ற பேச்சு இனி எடுபடாது.

மருத்துவச் சான்றிதழோடு பதில் வந்தாலும் அப்படித்தான். சான்றிதழில் சந்தேகம் இருந்தால் விளக்கம் கேட்டு எழுதுங்கள். மறுபக்கம், "நான் இனி வரமாட்டேன்" என்று செய்தி அனுப்பியிருந்தாலோ, வெளிநாட்டுக்குப் போய்விட்டார் என்று வீட்டார் சொன்னாலோ, இன்னொரு கடையில் சேர்ந்துவிட்டார் என்று நேரில் கண்டாலோ அதைத் திகதியோடு குறித்துக் கோவையில் வையுங்கள். விட்டுப் போகும் எண்ணத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இறுதிக் கடிதம்

16ஆம் திகதி வரவில்லை. பதிலும் இல்லை. அன்றைக்கே எழுதிவிடாமல், தபாலில் பதில் வருகிறதா என்று ஓரிரு நாள் பாருங்கள். 18ஆம் திகதி புதன்கிழமை, அதே முகவரிகளுக்கு:

> 5ஆம் திகதிய எமது கடிதத்தின் மூலம் 16ஆம் திகதி கடமைக்குச் சமுகமளிக்குமாறு அல்லது காரணம் தெரிவிக்குமாறு கேட்டிருந்தோம். நீங்கள் சமுகமளிக்கவுமில்லை, காரணம் தெரிவிக்கவுமில்லை. ஆகவே, இம்மாதம் 2ஆம் திகதி தொடக்கம் நீங்கள் சுயவிருப்பின் பேரில் பதவியை வறிதாக்கியதாகக் கருதுகிறோம்.
>
> உங்களுக்குச் சேரவேண்டிய சம்பளத்தையும் பணிக்கொடையையும் பெற்றுக்கொள்ளவும், உங்களிடமுள்ள களஞ்சியத் திறப்புகளை ஒப்படைக்கவும் எமது காரியாலயத்துடன் தொடர்புகொள்ளவும்.

"உங்களை வேலையிலிருந்து நீக்குகிறோம்", "உங்கள் சேவையை முடிவுறுத்துகிறோம்" என்று எழுதவே கூடாது. பழைய கடிதமொன்றைப் பார்த்து எழுதும்போது இந்த வரி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பதவியை வறிதாக்குவதில் ஒப்பந்தத்தை முடித்தவர் ஊழியர். நீக்குகிறோம் என்று எழுதினால் முடித்தவர் நீங்கள், அப்புறம் நீக்கத்துக்குரிய சட்டம் எல்லாம் உங்கள் மேல் வரும். பதினைந்து பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் ஒருவரை நிறுத்த ஊழியரின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்றுத் தண்டனையாக நிறுத்தினால், காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் உதாரணக் கடையில் பதினேழு பேர் என்பதால், கடிதத்தில் ஒரு வரி மாறினால் இத்தனையும் தொடரும்.

தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புபவர்கள் உண்டு. அனுப்பலாம். அது அனுமதி பெற்றதாக ஆகாது, உங்கள் பக்கம் ஒளிப்பதற்கு எதுவுமில்லை என்று காட்டும், அவ்வளவுதான். ஊழியரின் படத்தைப் போட்டு "இவருக்கும் எமக்கும் தொடர்பில்லை" என்று பேப்பரிலும் பேஸ்புக்கிலும் அறிவித்தல் போடுவது வேறு. ஒரு மனிதரைக் கள்ளன்போல் ஊருக்குக் காட்டுவது அது. கடன் வசூல், பணம் கையாளல் போன்ற வேலை செய்தவராக இருந்தால் வாடிக்கையாளர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

காசுக் கணக்கு

விட்டுப் போனவர்தானே என்று சம்பளத்தைப் பிடித்து வைக்க முடியாது. எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் 31ஆம் திகதி வரை வேலை செய்தார், அந்த மாதச் சம்பளம் முழுதும் அவருடையது. வங்கிக் கணக்கு இருந்தால் வழமைபோல் போட்டுவிடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய 8 வீதமும் உங்களுடைய 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உங்களுடைய 3 வீதமும் அந்த மாதத்துக்கும் போக வேண்டும்.

பணிக்கொடையில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், சேவை முடிந்து முப்பது நாளுக்குள். வேலையை எப்படி விட்டார் என்பது இதைத் தடுக்காது. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்தைச் சேதப்படுத்தல், பொருளை இழக்கச் செய்தல் ஆகிய காரணங்களுக்காக நீக்கப்பட்டவருக்கு மட்டுமே, அதுவும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு மட்டுமே பிடிக்கலாம். சொல்லாமல் போனது அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஆறு வருடத்துக்கு 30,000 வீதம் 1,80,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது. காசோலையைப் பதிவுத் தபாலில் அனுப்பினால் அதுவும் கோவையில் ஒரு சான்று.

பிறகு வந்து கதவைத் தட்டினால்

கைத்தொழிற் பிணக்குகள் சட்டப்படி, ஊழியர் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம் இருக்கிறது. நியாயசபை சட்ட எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை, நியாயமும் நீதியுமான கட்டளையைக் கொடுக்கும்; மீண்டும் வேலைக்கு எடுக்கச் சொல்லலாம், நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம். அதனால் இறுதிக் கடிதம் போனபின் ஒரு நாள் அவர் வந்து, விபத்தில் சிக்கி நினைவில்லாமல் கிடந்தேன் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காட்டினால், "கோவை மூடியாச்சு" என்று சொல்லாதீர்கள். அந்தக் காகிதங்களின் பிரதியை வாங்கி, திகதிகளைக் கடிதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2ஆம் திகதியிலிருந்து அவர் படுக்கையில் இருந்தது உண்மையென்றால் விட்டுப் போகும் எண்ணம் அவருக்கு இருந்ததே இல்லை. அப்போது உங்கள் இறுதிக் கடிதத்தை எழுத்தில் மீளப்பெற்று, அவரை வேலைக்கு எடுங்கள். ஏற்கெனவே அனுப்பிய பணிக்கொடையை என்ன செய்வது என்பதையும் அவருடன் பேசி எழுத்தில் முடிவு செய்யுங்கள். இதை நினைத்துத்தான், அவருடைய இடத்துக்கு எடுக்கும் புதியவரை முதல் சில மாதம் தற்காலிக நியமனத்தில் வைக்கச் சொல்கிறேன்.